திரை வழவழத்தால், கால்மிதி வழுக்கினால், துண்டு நாறினால்: எங்கே தொட்டுப் பார்ப்பது, எதைச் சரிசெய்வது

குளியலறைத் துணிகளைப் பற்றி என்னிடம் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “எத்தனை நாளுக்கு ஒரு முறை துவைக்க வேண்டும்?” தங்கும் அறைகளைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் நான் அதற்குப் பதில் சொல்வதற்கு முன், “அடுத்த ஆள் குளிக்கப் போகும்போது அந்தத் துணி காய்ந்திருக்கிறதா?” என்று திருப்பிக் கேட்பேன். காய்ந்துவிடும் துணிக்கு நிதானமான கணக்குப் போதும். காயாத துணியை வாரம் இரண்டு முறை துவைத்தாலும் அது மறுபடி வழவழக்கும்.

ஆகவே எந்தக் கோளாறாக இருந்தாலும் முதல் சோதனை ஒன்றே. கடைசியாகக் குளித்தவர் வெளியே வந்து நான்கைந்து மணி நேரம் ஆன பிறகு போய், திரையின் அடிமடிப்பை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து நசுக்குங்கள். கால்மிதியைப் புரட்டி அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வையுங்கள். துண்டின் நடுவில் இருக்கும் மடிப்புக்குள் விரலை விடுங்கள். எங்கே ஈரம் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு தொடங்குகிறது.

வேலையைத் தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. பிளீச்சையும் வினிகரையும் ஒரே நாளில், ஒரே துணியில் பயன்படுத்தாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அதிலும் குளியலறை சிறிய அறை. அம்மோனியா உள்ள கண்ணாடித் துடைப்பான்களும் கழிப்பறைக்கான அமிலக் கரைசல்களும் அப்படித்தான், பிளீச்சின் அருகே வரக்கூடாது.

கோளாறு 1: திரையின் அடிப்பகுதி வழவழக்கிறது

முதலில் நிறத்தைப் பாருங்கள். மேற்கொண்டு எந்த வழியில் போவது என்பதை நிறமே சொல்லிவிடும்.

இளஞ்சிவப்பு அல்லது மங்கிய ஆரஞ்சு நிறத்தில், விரலால் தேய்த்தால் நழுவி வந்துவிடும் வழவழப்பு என்றால் அது பாக்டீரியா. பூஞ்சை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சோப்பு, ஷாம்பு, உடம்பிலிருந்து கழுவப்படும் எண்ணெய் ஆகியவற்றைத் தின்று வளரும் இந்த உயிரிகள், தங்களைச் சுற்றி ஒரு பசையைச் சுரந்து அதற்குள் குடியிருக்கும். நாம் வழவழப்பு என்று தொட்டு உணர்வது அந்தப் பசையைத்தான். அமெரிக்காவில் குளியலறைத் திரைகளின் சோப்புப் படிவை ஆராய்ந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், மெத்திலோபாக்டீரியம், ஸ்ஃபிங்கோமோனாஸ் என்ற இரண்டு வகைகளே அதிகம் காணப்பட்டன. இணையத்தில் எல்லாரும் குற்றம் சாட்டும் செராட்டியாவும் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும். எதுவானாலும் சுத்தம் செய்யும் முறை மாறாது.

சாம்பல் நிறமாக, கையில் மெழுகு போல ஒட்டினால் அது சோப்புப் படிவு. அதற்குக் கோளாறு 3.

கறுப்புப் புள்ளிகளாக இருந்தால் பூஞ்சை. கோளாறு 2.

துருப்பிடித்தது போன்ற பழுப்பு நிற வழவழப்பு திரையில் மட்டுமல்லாமல் கழிப்பறைத் தொட்டியின் மூடியைத் திறந்தால் உள்ளேயும் தெரிகிறதா? அப்படியானால் தண்ணீரிலேயே இரும்பு இருக்கிறது. கிணற்று நீரிலும் ஆழ்துளைக் குழாய் நீரிலும் இது வரும். அதற்கு மேல் திரையைத் தேய்த்துக்கொண்டிருப்பது வீண் வேலை. நீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, வடிகட்டும் அமைப்பு போடுபவரை அழைக்க வேண்டிய இடம் அது.

இளஞ்சிவப்பு வழவழப்புக்கான காரணங்களைச் செலவில்லாததிலிருந்து வரிசையாகப் பார்ப்போம்.

*திரை ஒதுக்கி வைக்கப்படுகிறது.* குளித்து முடித்தவர் திரையை ஓர் ஓரமாகத் தள்ளிவிட்டு வருகிறார். பார்வைக்கு ஒழுங்காக இருக்கும். ஆனால் பத்துப் பதினைந்து மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும், அவற்றுக்கு நடுவே காற்றுக்கு வழி கிடையாது. சோதனை எளிது. ஒதுக்கிய திரையை மாலையில் விரித்துப் பாருங்கள். ஒட்டியிருந்த பகுதிகள் ‘சரக்’கென்று பிரிந்தால் இதுதான் காரணம். குளித்து முடித்ததும் திரையை ஒரு முறை உதறி, கம்பியின் முழு நீளத்துக்கும் இழுத்து விடுங்கள். துணித் திரையும் அதற்கு உள்ளே பிளாஸ்டிக் திரையும் தொங்கினால், இரண்டையும் கையால் பிரித்துவிட வேண்டும்.

*திரை நீளமாக இருக்கிறது.* அடிவிளிம்பு தரையையோ குளியல் தொட்டியின் உட்சுவரையோ தொட்டுக்கொண்டு நின்றால், அங்கே தேங்கும் தண்ணீரை அது நாள் முழுதும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தரையிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டராவது இடைவெளி தெரிய வேண்டும். தொட்டிக்குள் விட வேண்டிய திரையானால், குளித்த பிறகு விளிம்பைச் சுவரிலிருந்து விலக்கி, காற்றில் தொங்க விடுங்கள். கம்பியைச் சற்று உயர்த்துவது முதல் வழி. அது முடியாவிட்டால் பிளாஸ்டிக் திரையைக் கத்திரியால் நேராக வெட்டிவிடலாம், வெட்டிய ஓரம் பிரியாது. சொல்லப்போனால் மடித்துத் தைத்த விளிம்பைவிட வெட்டிய விளிம்பே நல்லது. தைத்த மடிப்பு ஒரு குழாய் போன்றது. உள்ளே போகும் தண்ணீர் வெளியே வர வழியில்லை. அடிமடிப்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், உள்ளே நிழலாக ஒரு கோடு தெரியும். வழவழப்பின் தாய்வீடு அதுதான். துணித் திரையில் அந்த மடிப்பின் இரண்டு முனைகளிலும் தையலைச் சில இழைகள் பிரித்துவிட்டால் தண்ணீர் வடிந்துவிடும்.

*திரையை மட்டும் மாற்றுகிறோம்.* புதுத் திரை போட்ட சில நாட்களிலேயே வழவழப்பு திரும்பிவிட்டது என்று சொல்பவர்களின் வீட்டில் நான் முதலில் பார்ப்பது கொக்கிகளைத்தான். அடுத்தது தொட்டியின் விளிம்பு, அதற்கடுத்தது வடிகால் வாயின் சுற்று. அங்கே மிச்சமிருக்கும் இளஞ்சிவப்புப் படலம் புதுத் திரைக்குத் தாவிவிடும். திரையைக் கழற்றும் நாளிலேயே இவற்றையும் தேய்த்துக் கழுவ வேண்டும்.

*அறையில் காற்றோட்டம் இல்லை.* மேலே சொன்ன மூன்றும் சரியாக இருந்தும் திரை காயவில்லை என்றால் சிக்கல் அறையில் இருக்கிறது. அதைக் கடைசிப் பகுதியில் பார்ப்போம்.

வழவழப்பை எடுக்கும் முறை

பலரும் தவறுவது வரிசையில். வழவழப்பின் மேல் பிளீச்சை ஊற்றிவிட்டு, நிறம் போனதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். பிளீச் மேல் அடுக்கைக் கொல்லும், நிறத்தை வெளுக்கும், அவ்வளவே. பசையின் அடி அடுக்கு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். அது மறுபடி வளர அதிக நாள் ஆகாது. முதலில் தேய்த்துப் பசையை எடுக்க வேண்டும், பிறகுதான் கிருமிநாசினி.

பிளாஸ்டிக் திரையானால் கழற்றித் தரையில் விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, மென்மையான தூரிகையால் இரண்டு பக்கமும் தேயுங்கள். அடிமடிப்பைத் தனியாக, நீளவாக்கில் தேய்க்க வேண்டும். நன்றாக அலசியபின், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லிலிட்டர் என்ற அளவில் சாதாரண வீட்டுப் பிளீச்சைக் கலந்து, அடிப்பகுதியை 10 நிமிடம் அதில் ஊற வைத்து மீண்டும் அலசுங்கள். கையுறை தேவை, கதவு திறந்திருக்க வேண்டும். கலந்த கரைசலை நாளைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். அதன் வீரியம் குறைந்துகொண்டே போகும்.

வாஷிங் மெஷினில் போடலாமா என்றால், போடலாம். கொக்கிகளைக் கழற்றிவிட்டு, பழைய துண்டுகள் இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். தூரிகை செய்யும் வேலையை அந்தத் துண்டுகள் செய்யும். தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. பிளாஸ்டிக் திரையைப் பிழியும் சுற்றுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும், இல்லையேல் சுருக்கங்கள் நிரந்தரமாகிவிடும். உலர்த்தியில் போடவே கூடாது. ஈரத்தோடு கம்பியில் மாட்டி முழுக்க விரித்துவிட்டால் தானே காய்ந்துவிடும். பாலியஸ்டர் துணித் திரைக்கு இவ்வளவு கவனம் வேண்டாம், சாதாரணத் துணி போலத் துவைக்கலாம். ஆனால் வண்ணம் போட்டதானால் பிளீச்சைத் தவிருங்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை? காய்ந்துவிடும் திரைக்கு மாதம் ஒரு முறை போதும். ஒரே குளியலறையை நான்கைந்து பேர் பயன்படுத்தினால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. நசுக்கிப் பார்க்கும்போது விரல் வழுக்கினால் கணக்கைப் பார்க்காமல் அன்றே கழுவுங்கள். தேய்த்தும் வழவழப்பு போகவில்லை, பிளாஸ்டிக் விறைத்துப்போய் மேற்பரப்பில் நுண்ணிய விரிசல்கள் தெரிகின்றன என்றால், கழுவுவதில் பயனில்லை. விரிசலுக்குள் தூரிகை போகாது. மலிவான உள்திரையை அந்த நிலையில் தூக்கி எறிந்துவிடுவதே கணக்குக்குச் சரி.

ஓர் உதாரணம்

என் தங்கை வீட்டில் நடந்தது. நான்கு பேர், ஒரே குளியலறை. திரையை வாரந்தோறும் துவைத்தும் இளஞ்சிவப்பு வழவழப்பு அடுத்த சனிக்கிழமைக்குள் திரும்பிவிடும். “அண்ணா, தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது, வடிகட்டி வாங்கப்போகிறேன்” என்றாள். கழிப்பறைத் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தோம். உள்ளே பழுப்பு எதுவும் இல்லை. ஆகவே வடிகட்டியைத் தள்ளி வைத்தோம்.

மாலையில் அடிமடிப்பை நசுக்கினால் தண்ணீர் சொட்டியது. காலையில் நால்வரும் அடுத்தடுத்துக் குளித்து முடித்து எட்டு மணி நேரம் ஆகியிருந்தது. திரை ஒதுக்கப்படவில்லை, விரித்தே இருந்தது. நீளமும் சரிதான். ஆனால் மடிப்பில் உருளையான ஏதோ கைக்குத் தட்டுப்பட்டது. திரை பறக்காமல் இருக்க உள்ளே தைக்கப்பட்டிருந்த சிறு காந்தங்கள். அந்த மடிப்பு மேலும் கீழும் முழுக்கத் தைக்கப்பட்டு, ஒரு பையாகவே ஆகியிருந்தது. இரண்டு முனைகளிலும் தையலைப் பிரித்து, நடுவில் ஒவ்வொரு காந்தத்துக்கும் பக்கத்தில் ஊசியால் துளையிட்டோம். துருவேறிய தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்தது.

அதோடு தீர்ந்ததா என்றால் பாதிதான் தீர்ந்தது. மறுநாள் மாலை மடிப்பில் சொட்டு இல்லை, ஆனால் ஈரம் இருந்தது. அடுத்ததாக எக்ஸாஸ்ட் ஃபேனைப் பார்த்தோம். சுற்றியது, சத்தமும் வந்தது. ஒரு மெல்லிய காகிதக் கைக்குட்டையை அதன் வலையின் மேல் வைத்தால், கதவு மூடியிருக்கும்போது கீழே விழுந்தது. கதவை ஒரு சாண் திறந்ததும் வலையோடு ஒட்டிக்கொண்டது. காரணம் விளங்கியது. புதிதாகப் போட்ட கதவு தரையோடு தரையாகப் பொருந்தியிருந்தது. உள்ளே காற்று வர வழியில்லாத அறையிலிருந்து ஃபேன் எதை வெளியேற்றும்? கடைசியாகக் குளிப்பவர் கதவைச் சற்றுத் திறந்து வைத்து, ஃபேனை அரை மணி நேரம் ஓட விடுவது என்று முடிவு செய்தோம். பிறகு தச்சரை வரவழைத்துக் கதவின் அடியில் ஒரு சென்டிமீட்டர் அறுத்தார்கள். இப்போது அந்தத் திரையை மாதம் ஒரு முறைதான் துவைக்கிறாள். வடிகட்டி வாங்கவே இல்லை.

கோளாறு 2: திரையில் கறுப்புப் புள்ளிகள்

புள்ளி மேற்பரப்பில் இருக்கிறதா, உள்ளே ஊறிவிட்டதா என்று பாருங்கள். ஈரத்துணியில் சிறிது சோப்பைத் தொட்டுத் தேய்த்தால் போகிறது என்றால் மேலே சொன்ன கழுவும் முறையே போதும். போகாமல் நிற்கும் புள்ளிகளுக்கு, வெள்ளைத் திரையானால் பிளீச் கரைசல், வண்ணத் துணியானால் ஆக்சிஜன் வெளுப்புத்தூள். இந்தத் தூளைச் சூடான நீரில் கரைத்தால்தான் வேலை செய்யும், குளிர்ந்த நீரில் சோம்பிவிடும். துணி தாங்கக்கூடிய சூட்டில் சில மணி நேரம் ஊற வையுங்கள். மீந்த கரைசலை மூடிய பாட்டிலில் வைக்காதீர்கள், வாயு சேர்ந்து பாட்டில் வெடித்துவிடலாம்.

பூஞ்சை செத்தாலும் அதன் கறை சில துணிகளில் தங்கிவிடும். அது வெறும் அழகுக் குறைதான். புள்ளி பெரிதாகிறதா என்பதே முக்கியம். ஒரு புள்ளியைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்தால் இரண்டு வாரத்தில் பதில் கிடைத்துவிடும்.

கோளாறு 3: வெள்ளையாகவோ சாம்பலாகவோ படிந்து விறைத்திருக்கிறது

உப்பு அதிகமுள்ள தண்ணீரில் கட்டிச் சோப்பு சேர்ந்தால் வரும் படிவு இது. வினிகரையும் தண்ணீரையும் சமமாகக் கலந்து, அரை மணி நேரம் ஊற வைத்துத் தேய்த்தால் இளகிவிடும். பிளீச் இதை ஒன்றும் செய்யாது. இதை அலட்சியம் செய்யக்கூடாததற்குக் காரணம், வழவழப்புக்கு உணவும் பிடிமானமும் இந்தப் படிவுதான். கட்டிச் சோப்பிலிருந்து திரவக் குளியல் சோப்புக்கு மாறினால் பெரும்பாலும் படிவு கண்ணுக்குத் தெரியும் அளவில் குறையும்.

கோளாறு 4: கால்மிதியின் அடிப்பக்கம் வழுக்குகிறது

இதைத் திரையைவிடப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்கிறேன். திரை வழவழத்தால் அருவருப்பு, கால்மிதி வழவழத்தால் இடுப்பெலும்பு.

முதலில் எங்கே கிடக்கும் மிதி என்று பிரியுங்கள். தண்ணீர் விழும் இடத்திலேயே போடும் ரப்பர் மிதியானால், அடியில் உறிஞ்சுக் குமிழ்கள் இருக்கும். ஒவ்வொரு குமிழும் ஒரு சிறு கிண்ணம், அதில் தண்ணீர் அடைபட்டிருக்கும். மிதியை அங்கேயே விட்டுவிட்டு வருவதுதான் ஒரே காரணம், வேறு தேட வேண்டாம். குளித்து முடித்ததும் உரித்தெடுத்துத் தொட்டியின் விளிம்பிலோ கம்பியிலோ தலைகீழாகப் போடுங்கள். வாரம் ஒரு முறை, பழைய பல்துலக்கும் தூரிகையால் குமிழ்களுக்கு உள்ளே சுழற்றித் தேயுங்கள். தேய்த்த பிறகும் குமிழ்கள் தரையைப் பிடிக்கவில்லை, ஈரத் தரையில் வைத்துக் காலால் தள்ளினால் நகர்கிறது என்றால், ரப்பர் கெட்டுவிட்டது. மாற்றிவிடுங்கள், இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

வெளியே வந்து கால் வைக்கும் துணி மிதியானால், காரணம் இரண்டில் ஒன்று. மிதி நாள் முழுதும் தரையிலேயே கிடக்கிறது என்பது முதலாவது. மேற்புறம் காய்ந்திருக்கும், ரப்பர் பூசிய அடிப்புறம் ஈரத்தைத் தரையோடு சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும். மிதியைத் தூக்கும்போது தரையில் அதன் வடிவத்துக்கு ஈரம் தெரிந்தால் இதுதான். பகலில் தொங்க விட்டால் தீர்ந்தது. இரண்டாவது, ரப்பர் பூச்சு உதிர்வது. துவைத்த தண்ணீரிலோ மெஷினின் வடிகட்டியிலோ வெள்ளைத் துணுக்குகள் தெரியும், அடிப்புறம் பிசுபிசுவென்று கையில் ஒட்டும். இந்தப் பிசுபிசுப்பைக் கிருமி என்று நினைத்துப் பிளீச்சில் ஊற வைப்பவர்கள் உண்டு. பிளீச்சும் சூடான உலர்த்தியும்தான் ரப்பரை இந்த நிலைக்குக் கொண்டுவருகின்றன. உதிரத் தொடங்கிய பூச்சைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

துணி மிதிக்கு வாரம் ஒரு முறை துவைப்பு. ரப்பர் அடி உள்ளதற்கு 40 டிகிரி, நிழலில் உலர்த்தல். அடியில் பூச்சே இல்லாத, தடித்த பருத்தி மிதியை 60 டிகிரியில் துவைக்கலாம், அது வேகமாகவும் காயும். இரண்டு மிதிகளை மாற்றி மாற்றிப் போடுவது, ஒன்றை அடிக்கடி துவைப்பதைவிட நல்ல பலன் தருவதைப் பார்த்திருக்கிறேன். பூச்சில்லாத மிதி தரையில் நழுவுகிறதா என்பதை மட்டும் ஒரு முறை காலால் தள்ளிப் பாருங்கள்.

வீட்டில் யாருக்காவது கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருந்தால், கால்மிதியைப் பகிரக்கூடாது. 30 டிகிரித் துவைப்பில் அந்தப் பூஞ்சை சாகாது, 60 டிகிரி வேண்டும். கடையில் வாங்கிய களிம்பைப் போட்டுச் சில வாரங்களில் குணமாகாவிட்டால் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் அவ்வளவு நாள் காத்திருக்கக்கூடாது.

மிதியை எடுத்த இடத்தில் தரை காலுக்கு மெத்தென்று அமுங்கினாலோ, ஓடு தட்டும்போது உள்ளே காலியாக ஒலித்தாலோ, துவைக்கும் வேலையை நிறுத்திவிட்டு ஓடு வேலை தெரிந்தவரையோ பிளம்பரையோ அழையுங்கள். தண்ணீர் தரைக்குக் கீழே போய்க்கொண்டிருக்கலாம்.

கோளாறு 5: துண்டு துவைத்தது வரை நன்றாக இருக்கிறது, உடம்பைத் துடைத்ததும் நாறுகிறது

இந்த அறிகுறியைக் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். காய்ந்திருக்கும்போது வாடை இல்லை, நனைந்ததும் கிளம்புகிறது என்றால், கிருமிகள் நூலிலேயே குடியேறிவிட்டன. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் இந்த வாடைக்குக் காரணமாக மொராக்செல்லா ஓஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியாவைக் காட்டினார்கள். காய்ந்த துணியிலும் உயிரோடு தாக்குப்பிடிக்கும் ரகம் அது. ஆகவேதான் வெயிலில் உலர்ந்த துண்டும் முதல் ஈரத்தில் நாறுகிறது.

காரணங்களை இந்த வரிசையில் விலக்குங்கள். துவைத்த துண்டு மெஷினுக்குள்ளேயே மணிக்கணக்கில் கிடக்கிறதா? ஒரே கொக்கியில் தொங்கி நடுவில் கொத்தாக நிற்கிறதா? கொக்கியில் தொங்கும் துண்டு, கம்பியில் ஒற்றை மடிப்பாக விரித்த துண்டைவிட மெதுவாகத்தான் காயும். அடுத்து, துணி மென்மையாக்கும் திரவம். அது நூலின் மேல் மெழுகு போன்ற படலத்தை விட்டுச் செல்லும். நீரை உறிஞ்சவும் விடாது, அழுக்கை வெளியேறவும் விடாது. ஒரு சொட்டுத் தண்ணீரைக் காய்ந்த துண்டின் மேல் விடுங்கள். உடனே உள்ளே போகாமல் முத்துப் போல நின்றால் படலம் இருக்கிறது. புதுத் துண்டிலும் தொழிற்சாலைப் பூச்சினால் இப்படி நிற்கும், சில துவைப்புகளில் போய்விடும். டிடர்ஜென்ட்டை அளவுக்கு மேல் போட்டாலும் இதே கதைதான். அலசும் சுற்றில் கண்ணாடி வழியே நுரை தெரிந்தால் அளவைப் பாதியாக்குங்கள்.

சரிசெய்ய: மென்மையாக்கியை நிறுத்துங்கள். பருத்தித் துண்டுகளை மட்டும், டிரம்மை முழுக்க நிரப்பாமல், ஆக்சிஜன் வெளுப்புத்தூள் சேர்த்து 60 டிகிரியில் துவைக்க வேண்டும். சூடான நீர் வராத மெஷினாக இருந்தால், வாளியில் அதே தூளைச் சூடான நீரில் கரைத்து ஊற வைத்துவிட்டு, பிறகு மெஷினில் போடுங்கள். உடனே எடுத்து விரித்துக் காய வையுங்கள். மறுபடி நனைத்து முகர்ந்து பாருங்கள். வாடை இருந்தால் இன்னொரு முறை. அதற்கும் மசியவில்லை என்றால் மெஷினின் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் மடிப்பை விரலால் விரித்துப் பாருங்கள். அங்கே கறுப்பும் வழவழப்பும் இருந்தால் துண்டுக்கு வாடையைத் தருவதே மெஷின்தான். ரப்பரைத் துடைத்து, வெறும் மெஷினை அதிகச் சூட்டில் ஒரு முறை ஓட விடுங்கள். ரப்பரே மட்கியிருந்தால் மெஷின் பழுதுபார்ப்பவர் மாற்றித்தர வேண்டும்.

உடம்பு துடைக்கும் துண்டை மூன்று நான்கு குளியலுக்கு ஒரு முறை துவைக்கலாம், ஒவ்வொரு குளியலுக்கும் நடுவே முழுக்கக் காய்ந்தால். காயாத துண்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பலரும் கை துடைக்கும் சிறு துண்டை ஒன்றிரண்டு நாளில் மாற்ற வேண்டும். அதுதான் வீட்டிலேயே அதிகம் நனையும் துண்டு, ஆனால் கடைசியாகத் துவைக்கப்படுவதும் அதுதான்.

ஒரு கிளைக் குறிப்பு. வண்ணத் துண்டில் ஆரஞ்சாகவோ வெளிறியோ திட்டுகள் தெரிந்தால் அது கிருமியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. முகப்பருக் களிம்பில் உள்ள பென்சாயில் பெராக்சைடு சாயத்தை வெளுத்துவிட்டது. துவைத்துப் போகாது. அந்த ஆளுக்கு வெள்ளைத் துண்டு கொடுங்கள்.

கோளாறு 6: மூன்றும் ஒரே நேரத்தில் கெடுகின்றன

திரை, மிதி, துண்டு மூன்றுமே காயவில்லை என்றால் துணிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. குளித்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் கண்ணாடியில் நீராவி நிற்கிறதா என்று பாருங்கள். ஈரப்பதமானி இருந்தால், சில மணி நேரத்தில் 60 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும்.

காகிதக் கைக்குட்டைச் சோதனையைக் கதவை மூடி ஒரு முறை, திறந்து ஒரு முறை செய்யுங்கள். திறந்தால் மட்டும் ஒட்டுகிறது என்றால், என் தங்கை வீட்டுக் கதை. இரண்டிலும் ஒட்டவில்லை என்றால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு வலையைக் கழற்றி, அதில் அடைந்த தூசியை எடுங்கள். பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். பிறகும் இழுவை இல்லையென்றால் வெளிச்சுவரில் காற்று வெளியேறும் வாயைப் போய்ப் பாருங்கள். மடல் திறக்கிறதா, பறவைக் கூடு அடைத்திருக்கிறதா? வெளிச்சுவரில் வாயே இல்லை, குழாய் கூரைக்கு அடியில் எங்கோ முடிகிறது என்றால், ஈரம் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது. அதை நீங்களே சரிசெய்ய முயலாதீர்கள்.

எலக்ட்ரீஷியனை அழைக்கும்போது “ஃபேன் ஓடுகிறது, ஆனால் கதவு திறந்திருந்தும் காகிதத்தை இழுக்கவில்லை, வலை சுத்தமாக இருக்கிறது” என்று சொன்னால், அவர் மோட்டாரையும் குழாயையும் நேராகப் பார்ப்பார். சுவரிலோ கூரையிலோ பூஞ்சை ஒரு சதுர மீட்டருக்கு மேல் பரவியிருந்தாலும், துடைத்த இடத்திலேயே மீண்டும் மீண்டும் வந்தாலும், சுவருக்குள் கசிவு இருக்கிறதா என்று முதலில் பிளம்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். கசிவை அடைத்த பிறகுதான் பெயிண்டரை அழைக்க வேண்டும். வீட்டில் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களோ ஆஸ்துமா உள்ளவர்களோ இருந்தால், அந்தப் பூஞ்சையைச் சுரண்டும் வேலையை அவர்கள் செய்யக்கூடாது, அந்த நேரத்தில் அவர்கள் அருகிலும் இருக்கக்கூடாது.